வெள்ளியம்பலத்தில் படுத்திருந்தவர்

கொஞ்சம் நீளமான பதிவு. காலைக் காபியோடு உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

நான் இடைநிலை ஆசிரியராக வேலை பார்த்தவன். எட்டாம் வகுப்பு வரை தமிழும் சமூக அறிவியலும் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். ஒரு நாள் வகுப்பில் சிலப்பதிகாரம் எப்படித் தோன்றியது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மலைக்குறவர்கள் வந்து இளங்கோவடிகளிடம் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த சாத்தனார், "அது எனக்குத் தெரியும்" என்று மீதிக் கதையைச் சொன்னார். மதுரை வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் தாம் படுத்திருந்தபோது, மதுரைத் தெய்வம் கண்ணகியிடம் பேசியதைக் காதால் கேட்டதாகவும் சொன்னார். இதைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான்.

"சார், ஊரே எரியுது. அவரு எப்படி சார் படுத்திருந்தாரு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "பாடத்துல இருக்கிறத முதல்ல படிடா, அப்புறம் கேள்வி கேக்கலாம்" என்று உட்கார வைத்துவிட்டேன். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை என்பதுதான் உண்மை. ஓய்வுபெற்ற பிறகு, அவ்வை சண்முகம் சாலை வழியாகக் கடற்கரை வரை நடந்து போய்க் கண்ணகி சிலையைப் பார்க்கிற நாட்களில் எல்லாம் அந்தக் கேள்வி ஞாபகம் வரும். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலை. கையில் சிலம்போடு ஏதோ கேட்பது போலவே நிற்கிறாள். அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் நம் பேச்சிலிருந்தே தொடங்குவோம். "அவன் வந்தான்" என்றால் நான் பார்த்தேன், அல்லது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று பொருள். "அவன் வந்தானாம்" என்றால் யாரோ சொன்னார்கள், நான் பொறுப்பில்லை என்று பொருள். ஒரே ஓர் 'ஆம்'. பாட்டி கதை சொல்லும்போது, "ஒரே ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்" என்றுதான் தொடங்குவாள். கேட்கிற குழந்தை "ம்" கொட்டும். அந்த 'ஆம்' வந்துவிட்டால் இது பாட்டி பார்த்தது இல்லை என்று குழந்தைக்கும் தெரியும். சொல்பவர் எவ்வளவு தூரத்தில் நின்று சொல்கிறார் என்பதைத் தமிழ் இலக்கணம் வாய்ப்பேச்சிலேயே வைத்திருக்கிறது.

கதைக்குள் கதை என்பதும் அந்த 'ஆம்' பெரிதாக விரிந்ததுதான். மகாபாரதத்தை நைமிசாரணியத்தில் முனிவர்களுக்குச் சொல்பவர் சூதர் உக்கிரசிரவசு. அவர் சொல்வது, சனமேசயனின் வேள்வியில் வைசம்பாயனர் சொல்லத் தாம் கேட்டது. வைசம்பாயனருக்கு அது வியாசரிடமிருந்து வந்தது. அதற்குள்ளேயே போர்க்களச் செய்தியைக் கண்ணில்லாத அரசனுக்குச் சஞ்சயன் சொல்கிறான். இப்படி அடுக்கடுக்காக வைக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒவ்வோர் அடுக்கும், "நானாகச் சொல்லவில்லை, எனக்கு ஆதாரம் உண்டு" என்கிறது. அதே அடுக்கு, நடந்த இடத்திலிருந்து நம்மை இன்னும் ஓர் அடி தள்ளியும் வைக்கிறது. நம்பிக்கையும் தூரமும் சேர்ந்தே கூடுகின்றன. நாம் பொதுவாக முதலாவதைக் கவனிக்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இப்போது சிலப்பதிகாரத்தின் பதிகத்தைப் பிரித்துப் பார்ப்போம். நூலுக்கு முன்னால் வாசற்படி போல நிற்கும் பகுதி இது. அதில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

குணவாயில் கோட்டத்தில் அரசு துறந்து இருக்கிறார் இளங்கோ. குறவர்கள் வந்து, பொன் போலப் பூத்த வேங்கை மரத்தின் கீழ் ஒரு மார்பை இழந்து நின்ற பெண்ணை வானோர் வந்து அழைத்துப் போனதைப் பார்த்தோம் என்கிறார்கள். அவர்களுக்கு அவள் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. முடிவை மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். தொடக்கமும் நடுவும் சாத்தனாரிடம் இருக்கின்றன. கோவலன், மாதவி, மதுரை, சிலம்பு, பொற்கொல்லன், கொலை, தீ என்று அவர் சொல்லி முடிக்கிறார். உடனே இளங்கோ, இதற்கெல்லாம் காரணமான பழவினை என்ன என்று கேட்கிறார். அது மனிதர் யாருக்கும் தெரிந்திருக்க முடியாத விஷயம். போன பிறவிக் கணக்கைத் தெய்வம்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் சாத்தனார் அந்த இரவில் வெள்ளியம்பலத்தில் படுத்திருக்க வேண்டியதாகிறது. தெய்வம் சொன்னது, நான் கேட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்த 'ஆம்' மறைந்துவிடுகிறது. கேள்விப்பட்டது சாட்சியம் ஆகிவிடுகிறது.

அந்தப் பழவினைக் கதை என்ன? கலிங்க நாட்டில் சிங்கபுரத்தையும் கபிலபுரத்தையும் ஆண்ட இரு மன்னர்கள் பகையில் இருக்கிறார்கள். சங்கமன் என்ற வணிகன் மனைவி நீலியோடு சிங்கபுரம் வந்து அணிகலன் விற்கிறான். அரசனிடம் வேலை பார்த்த பரதன் என்பவன், இவன் எதிரி நாட்டு ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்ல வைக்கிறான். நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி விழுந்து உயிர் விடுகிறாள், சாபமிட்டு. அந்தப் பரதன்தான் இப்போது கோவலன். அரசன் ஒரு பொய்யை நம்பி ஒரு வணிகனைக் கொன்ற கதைக்குள்ளே, அரசன் ஒரு பொய்யை நம்பி ஒரு வணிகனைக் கொன்ற இன்னொரு கதை இருக்கிறது.

சாட்சி என்று ஒருவர் வந்துவிட்டால் அடுத்து குறுக்கு விசாரணைதானே? நூலின் உள்ளே இதே காட்சி வரும் இடம் கட்டுரை காதை, இருபத்து மூன்றாவது. பழவினைக் கதை அங்கே விரிவாக இருக்கிறது. ஆனால் கண்ணகியும் மதுராபதித் தெய்வமும் பேசும் அந்தக் காட்சியில் சாத்தனார் இல்லை. படுத்திருப்பவர் யாரும் இல்லை. தெய்வம் கண்ணகியின் எதிரே வர அஞ்சி, பின்பக்கமாக வந்து நிற்கிறது. பதிகத்தில் சாத்தனாரோ தெய்வம் கண்ணகி 'முன்' வந்து தோன்றியது என்கிறார். 'முன்' என்பதற்குச் சந்நிதியில் என்றும் பொருள் கொள்ளலாம், அதனால் இதை மட்டும் வைத்துச் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது.

பதிகத்தில் குறவர்கள் செய்தி சொல்வது இளங்கோவிடம். நூலுக்குள்ளே காட்சிக் காதையில் அதே குறவர்கள், மலைவளம் காண வந்து பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் சொல்கிறார்கள். அங்கும் பக்கத்தில் சாத்தனார் இருக்கிறார். அங்கும் அவரே மதுரையில் நடந்ததை விளக்குகிறார். குறவர்கள் அண்ணனிடம் ஒருமுறை, தம்பியிடம் ஒருமுறை சொல்லியிருக்கலாம், சாத்தனாரும் இரண்டு இடத்திலும் இருந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்ல முடியும். நானே வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சமாதானம் நாம் சொல்வது. நூல் சொல்லவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். சிலப்பதிகாரப் பதிகத்தின் முடிவில், அடிகள் நூலைச் சொல்ல, மதுரைக் கூலவாணிகன் சாத்தன் கேட்டான் என்று வருகிறது. கதையைச் சொன்னவரே கேட்பவராகவும் ஆகிறார். மணிமேகலையின் பதிகத்துக்குப் போனால் இடம் மாறுகிறது. அங்கே சாத்தனார் சொல்கிறார், இளங்கோ கேட்கிறார். ஒருவர் நூலுக்கு மற்றவர் சாட்சி. எங்கள் தெருவில் ரேஷன் அட்டைக்கு முகவரிச் சான்று வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள், அது மாதிரி. இரண்டு பேரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும்.

அந்தப் பதிகத்தை எழுதியது யார்? அதில் இளங்கோவும் படர்க்கையில்தான் வருகிறார், சாத்தனாரும் படர்க்கையில்தான் வருகிறார். இருவரையும் வெளியே நின்று பார்க்கிற ஒருவர் அதைச் சொல்கிறார். அவர் தம் பேரைச் சொல்லவில்லை. நம் பழைய நூல்கள் பலவற்றில் பதிகமும் பாயிரமும் ஆசிரியர் அல்லாத பிறர் செய்தவை. அது குற்றம் அல்ல, அக்கால வழக்கம். ஆனால் இளங்கோ, சாத்தனார் என்ற இருவரையும் நமக்கு அறிமுகம் செய்பவரே முகம் காட்டாத மூன்றாமவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இளங்கோ 'நான்' என்று நூலில் பேசுவது ஒரே ஓர் இடம், முப்பதாவதும் கடைசியுமான வரந்தரு காதை. "நானும் சென்றேன்" என்கிறார். அங்கே தேவந்திகையின் மேல் ஆவேசமாக வந்த கண்ணகித் தெய்வம், இளங்கோவின் சொந்த வரலாற்றை அவரிடமே சொல்கிறது. தந்தையின் அவையில் ஒரு நிமித்திகன் இளையவனுக்கே அரசாளும் பொறி உண்டு என்றான், அண்ணன் மனம் நோகக் கூடாதென்று நீ துறவு பூண்டாய் என்று. பாருங்கள், இந்த நூலாசிரியர் சேர இளவரசர் என்ற செய்தி நூலுக்குள் நமக்குக் கிடைப்பது ஆவேசம் வந்த ஒரு பெண்ணின் வாய்வழியாக. "இளங்கோ யாருடைய தம்பி?" என்று ஒரு மதிப்பெண் வினா எத்தனை முறை நான் கேட்டிருப்பேன்! அந்த ஒரு மதிப்பெண் இந்த இடத்தில்தான் தொங்குகிறது.

சேரர் வரலாற்றுக்கு நமக்குள்ள தனி ஆதாரம் பதிற்றுப்பத்து. அதில் ஐந்தாம் பத்து முழுக்கச் செங்குட்டுவன் மேல் பரணர் பாடியது. அந்தப் பத்துப் பாட்டுகளிலும் கண்ணகி இல்லை, இளங்கோ என்ற தம்பியும் இல்லை. பத்தினிக்கு வடக்கிலிருந்து கல் கொண்டுவந்த செய்தி வருவது, பாட்டுகளுக்குப் பின்னால் சேர்த்த பதிகத்தில். அங்கும் அந்தச் செய்தி படத்தில் இல்லை, சட்டத்தில்தான் இருக்கிறது.

இது ஏதோ இலக்கிய வாத்தியார்களின் நுணுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழக வரலாற்றின் கால அடைவே பல ஆண்டுகள் இந்தச் சட்டத்தில்தான் மாட்டியிருந்தது.

அந்த முறை இப்படி. வரந்தரு காதையில் கண்ணகி கோயில் விழாவுக்கு வந்திருந்த அரசர்களில், கடல்சூழ்ந்த இலங்கையின் கயவாகு வேந்தன் பேரும் வருகிறது. இலங்கையின் பாலி நூலான மகாவம்சத்தில் கஜபாகு என்ற பேரில் இரண்டு அரசர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டு, மற்றவர் 12ஆம் நூற்றாண்டு. இரண்டாமவர் மிகப் பிந்தியவர், ஆகவே முதலாமவரே கயவாகு. ஆகவே செங்குட்டுவன் காலம் 2ஆம் நூற்றாண்டு. ஆகவே அவனைப் பாடிய பரணர், பரணரோடு தொடர்புள்ள கபிலர், அவர்கள் பாடிய மற்ற மன்னர்கள் என்று சங்க காலம் முழுவதையும் அந்த ஆணியில் மாட்டிவிடலாம். உ.வே.சா. 1892இல் சிலப்பதிகாரத்தை முழுமையாக அச்சிட்டார். 1904இல் வெளிவந்த, ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர் பற்றிய தம் ஆங்கில நூலில் வி. கனகசபைப் பிள்ளை இந்தக் கணக்கை முன்வைத்தார். நீலகண்ட சாஸ்திரியாரும் இந்தக் கணக்கை ஏற்றார். எஸ். வையாபுரிப் பிள்ளை ஏற்கவில்லை. சிலப்பதிகாரம் பல நூற்றாண்டு பிந்தியது, அதை வைத்துச் சங்க காலத்தைக் கணிக்கக் கூடாது என்றார். அதற்காக அவர் வாங்கிய வசை கொஞ்சமல்ல.

இந்தக் கணக்கில் எங்கே கவனமாக இருக்க வேண்டும்? கயவாகு வந்தான் என்று சொல்வது நூல். நூல் சொல்வதை நாம் நம்புவதற்குக் காரணம், ஆசிரியர் அந்த அரசனின் தம்பி, அங்கேயே இருந்தவர், "நானும் சென்றேன்" என்கிறார் என்பது. அதாவது கதைசொல்லியின் அடையாளம் உண்மை என்று வைத்துக்கொண்டால்தான் கயவாகு சாட்சி ஆகிறான். பிறகு கயவாகுவை வைத்துக் கதைசொல்லியின் காலத்தை நிறுவுகிறோம். சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோம். ஐந்தாறு நூற்றாண்டு கழித்து எழுதிய ஒரு பெரிய கவிஞர், அந்த விழாவில் தாம் இருந்ததாகக் கதைசொல்லியை அமைத்து, பழைய கதையில் கேட்ட இலங்கை அரசன் பேரையும் அவையில் உட்கார வைத்திருக்க முடியாதா? முடியும். அப்போது அது பொய் ஆகாது, காப்பிய உத்தி. ஆனால் தேதி ஆகவும் ஆகாது.

சரி, மறுபக்கத்தில் மகாவம்சம் என்ன சொல்கிறது? முதலாம் கஜபாகுவைப் பற்றி அது பேசும் இடத்தில் விகாரங்கள் கட்டிய செய்தி இருக்கிறது. சேர நாடு போனதும் இல்லை, பத்தினியும் இல்லை. பல நூற்றாண்டு பிந்திய சிங்கள நூலான ராஜாவலியவில்தான் கஜபாகு சோழ நாட்டுக்குப் போய்ச் சிறைப்பட்டவர்களை மீட்டதும், பத்தினியின் சிலம்புகளைக் கொண்டுவந்ததும் வருகின்றன. இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர இதைத்தான் கேள்வி கேட்டார். 1984இல் பத்தினி வழிபாடு பற்றி வந்த அவருடைய பெரிய நூலிலும் இந்த விவாதம் இருக்கிறது. கஜபாகு கதை, குடியேற்றங்களும் சடங்குகளும் எப்படி வந்தன என்று விளக்க மக்கள் சொல்லிக்கொண்ட தொன்மம், அதில் தேதியைத் தேடக் கூடாது என்பது அவர் கட்சி. ஆக, இரண்டு நாட்டுச் சாட்சிகளும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னார்கள் என்று நாம் நினைத்தது சரியில்லை. மகாவம்சம் தந்தது ஒரு பேரும் ஒரு காலமும் மட்டும்.

மறுதரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வஞ்சிக் காண்டத்தில் கங்கையைக் கடக்கச் செங்குட்டுவனுக்கு ஓடம் தந்து உதவியவர்கள் 'நூற்றுவர் கன்னர்'. சாதகர்ணி என்ற சாதவாகனப் பட்டப் பேரைத் தமிழ்ப்படுத்தியது போல இருக்கிறது என்று பலரும் கொள்கிறார்கள். அப்படியானால் அந்தக் காலத்து நினைவு ஏதோ நூலில் தங்கியிருக்கிறது. ஆனால் நினைவு தங்கியிருப்பதும், ஆசிரியர் நேரில் இருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. பாட்டியின் 'ஆம்' கதையிலும் உண்மையான ஊர்ப் பேர் இருக்கத்தானே செய்யும்.

அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொள்வது? எனக்கு இந்த விஷயத்தில் வழி காட்டியது எந்த ஆராய்ச்சி நூலும் அல்ல, சிலப்பதிகாரமேதான். ஏனென்றால் அந்தக் காப்பியத்தின் கருவே, சொன்னவனை நம்பிய குற்றம்.

கொலைக்களக் காதையை எடுத்துப் படியுங்கள். பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். கோவலன் கையில் ஒத்த சிலம்பைக் கண்டதும் ஓடிப்போய் அரசனிடம் கள்வன் அகப்பட்டான் என்கிறான். ஊடிப்போன தேவியைத் தேற்றப் புறப்பட்டுக்கொண்டிருந்த அரசன், நின்று விசாரிக்கவில்லை. அங்கே ஒரு அடுக்கு. காவலர்கள் வந்து கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. கண்ணால் கண்டதை வைத்து அவர்கள் சரியான முடிவுக்கு வந்துவிட்டார்கள்!

இப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? கதை சொல்கிறான். முதலில் மந்திரம், மருந்து, நிமித்தம் என்று கள்வரின் எட்டுத் துணைகளை நூல் படித்தவன் போல அடுக்குகிறான். பிறகு, முன்பொரு நாள் ஒரு கள்வன் தூதன் வேடத்தில் பகலில் அரண்மனை வாசலில் நின்று, இரவில் பெண் வேடத்தில் உள்ளே புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த இளவரசனின் ஆரத்தைக் கழற்றி, விழித்துப் போரிட்ட இளவரசனுக்குத் தூணைக் காட்டி ஏய்த்து மறைந்தான் என்று ஒரு சம்பவம். உடனே ஓர் இளங்காவலன், ஆமாம், எனக்கும் நடந்தது, மழை நாளில் நள்ளிரவில் உளியோடு வந்தவன் என் வாளையே பறித்துக்கொண்டு மறைந்தான் என்கிறான். யாரும் கோவலனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கதைகளும் வேறு யாரோ கள்வர்களைப் பற்றியவை. ஆனால் கதைகள் முடியும்போது காவலர்களின் கண் பார்த்தது அழிந்துபோய், கேட்டது நின்றுவிட்டது. கல்லாத ஒரு களிமகன் வாளை வீசிவிட்டான்.

கதைக்குள் கதை ஒரு மனிதனைக் கொல்வதை இதைவிடத் தெளிவாக வேறு எங்கும் நான் படித்ததில்லை. பொற்கொல்லன் ஆதாரம் எதுவும் தரவில்லை. ஆதாரம் இருக்க வேண்டிய இடத்தில் உதாரணக் கதையை வைத்தான். பக்கத்தில் ஒருவன் "எனக்கும் அப்படித்தான்" என்றதும் அது உறுதியாகிவிட்டது. இன்று போனில் வரும் 'என் நண்பரின் உறவினருக்கு நடந்தது' என்ற செய்திகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வழக்குரை காதையில் கண்ணகி என்ன செய்கிறாள்? அவளுக்கும் கதை சொல்லத் தெரியும். புகாரின் பெருமை, தன் குலம் எல்லாவற்றையும் சொல்கிறாள். ஆனால் வழக்கு தீர்வது அதனால் அல்ல. என் சிலம்பின் உள்ளே மாணிக்கப் பரல் என்கிறாள் அவள். எங்கள் சிலம்பில் முத்து என்கிறான் அரசன். சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. யார் சொன்னது, எத்தனை பேர் சொன்னார்கள் என்பது அங்கே பேச்சே இல்லை. உள்ளே இருப்பது எது, அவ்வளவுதான்.

இதைத்தான் வரலாற்றிலும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். கரூர் பக்கம் புகளூரில் ஒரு பாறையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. இரும்பொறை மரபில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறைச் சேரர்களைச் சொல்கிறது. எழுத்தமைதியை வைத்து அதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார் ஐராவதம் மகாதேவன். அந்தக் கல்லில் செங்குட்டுவன் இல்லை, கண்ணகியும் இல்லை. ஆனால் பதிற்றுப்பத்தின் சேரர்கள் கற்பனை அல்ல, அவர்கள் காலம் ஏறத்தாழ இது என்பதற்கு அது யார் வாயையும் நம்ப வேண்டாத ஆதாரம். கனகசபைப் பிள்ளை போட்ட காலம் பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு ஆதாரம் சிலப்பதிகாரத்தின் சட்டம் அல்ல. விடை சரி, வழிமுறை தவறு என்றால் கணக்கு வாத்தியார் முழு மதிப்பெண் போடமாட்டார் அல்லவா?

இதனால் இளங்கோவின் மதிப்பு குறைந்துவிடுகிறதா? எனக்குக் கூடத்தான் செய்தது. ஒன்று கவனித்தேன். நீர்ப்படைக் காதையில் மாடலன் என்ற மறையவன் கங்கைக் கரையில் செங்குட்டுவனைப் பார்க்கிறான். மதுரையில் நடந்ததைப் புகாரில் போய்ச் சொன்னவன் அவன்தான். அதைக் கேட்டுக் கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் உயிர் விட்டார்கள், தந்தையர் துறவு பூண்டார்கள். தன் வாய்ச்சொல் கேட்டவர்கள் இறந்ததால், அந்தப் பாவம் தீரக் கங்கை ஆட வந்தேன் என்கிறான். இத்தனைக்கும் அவன் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதற்கே இவ்வளவு பாரம் என்றால், பொய் சொன்ன பொற்கொல்லனுக்கும் கேட்டவுடன் நம்பிய அரசனுக்கும் எவ்வளவு! சொல்லுதல் என்ற காரியத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த ஒரு கவிஞர், தம் நூலின் வாசலில் குறவரையும் சாத்தனாரையும் நிறுத்தியவர்களின் வேலையையும் நாம் விசாரிக்க வேண்டும் என்றுதான் விரும்பியிருப்பார்.

இப்போது அந்தக் கடைசி பெஞ்ச் பையனுக்கு வருகிறேன். இன்று அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். சாத்தனார் அங்கே படுத்திருந்தாரா என்று தெரிந்துகொள்ள நம்மிடம் வழி இல்லை. ஆனால் தெய்வம் பேசியது எப்படித் தெரியும் என்று கேட்கிற ஒருவன் வருவான் என்று அந்தப் பதிகத்தை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் அவரை அங்கே படுக்க வைத்தார். அவர் எதிர்பார்த்த ஆள் நீதான். நான் உன்னை உட்கார வைத்திருக்கக் கூடாது. காவலர்கள் தங்கள் கண்ணை நம்பிக் கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான் என்று அதே வகுப்பில் பாடம் நடத்திய வாத்தியார் நான்.

வகுப்பில் இன்னும் பாடம் நடத்துகிற நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பதிகத்தைச் சொல்லும்போது, "இளங்கோ சேரனின் தம்பி" என்று முடிக்காமல், "என்று பதிகமும் வரந்தரு காதையும் சொல்கின்றன" என்று ஒரு வால் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அது புரியும். அவர்களுக்கு 'ஆம்' என்றால் என்னவென்று பாட்டி ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.